ஏணி சறுக்கி விழுந்தேன்: காப்பீட்டுக்கு எப்படி எழுதுவது?

மொட்டைமாடி: போன ஞாயிறு மாடி டேங்கைக் கழுவும்போது ஏணியோடு விழுந்துவிட்டேன். வலது மணிக்கட்டு முறிவு, 6 வாரம் மாவுக்கட்டு. வீட்டுக் காப்பீட்டில் தனிநபர் விபத்துப் பிரிவும் 5 லட்சத்துக்கு இருக்கிறது. நடந்ததை எழுதித் தரச் சொல்கிறார்கள். "ஏணி தரமில்லை, நான் கவனமாகத்தான் இருந்தேன்" என்று எழுதியிருக்கிறேன், போதுமா? இன்னொரு சிக்கல்: பதற்றத்தில் மனைவி "மாடியிலிருந்து விழுந்துட்டார்" என்று சொல்ல, டிஸ்சார்ஜ் சம்மரியில் அப்படியே ஏறிவிட்டது.

செந்தூரன்: வீட்டுக் காப்பீடு கட்டடத்துக்கும் சாமானுக்கும்தான். ஆளுக்குக் கிடைக்காது, வீண் அலைச்சல்.

பழைய சர்வேயர்: அடிப்படை பாலிசிக்கு அது சரி. இவர் விபத்துப் பிரிவு தனியாக எடுத்திருக்கிறாரே. அதில் தற்காலிக முடக்கம், அதாவது வேலை செய்ய முடியாத வாரங்களுக்குப் பணம், சேர்ந்திருக்கிறதா என்று பாலிசி அட்டவணையைப் பாருங்கள் சார். சில பாலிசியில் மரணமும் நிரந்தர ஊனமும் மட்டும்தான். இருந்தால், வழக்கமாக வாரத்துக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், உங்களுக்கு 5,000 ரூபாய்.

ஏணி எங்கே நின்றது, எந்தப் பக்கம் சறுக்கியது?

மொட்டைமாடி: முடக்கம் இருக்கிறது. 8 அடி உயரத் தொட்டி மேடையில் அலுமினிய ஏணியைச் சாய்த்திருந்தேன். ஏணியின் கால் சுவரிலிருந்து 4 அடி தள்ளி இருந்தது. கழுவிய தண்ணீரைத் தொட்டி அடியிலுள்ள வாஷ்அவுட் குழாய் வழியாகத் திறந்துவிட்டிருந்தேன், தளத்து ஓடு முழுக்க பிளீச்சிங் பவுடர் வழவழப்பு. ஏணிக் காலில் ஒரு பக்க ரப்பர் பூண் தேய்ந்திருந்தது. ஓட்டில் இன்னும் ஒரு முழ நீளக் கீறல் இருக்கிறது.

பழைய சர்வேயர்: அந்தக் கீறலை அளவுநாடா வைத்துப் படம் எடுங்கள். 8 அடிக்கு 2 அடி தள்ளி வைத்தால் போதும், 4 அடி என்றால் கால் வெளியே ஓடத்தான் செய்யும். அதை மறைக்க வேண்டாம். கவனக்குறைவுக்காக மட்டும் விபத்துக் கோரிக்கையைத் தள்ளுவது அரிது, குடித்திருந்தால்தான் வம்பு. "தரமில்லை" என்பதை எடுத்துவிடுங்கள், அது உங்கள் தீர்ப்பு. இப்படி எழுதுங்கள், நேரத்தையும் உயரத்தையும் நடந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

"காலை சுமார் 10 மணி. தொட்டியைக் கழுவிய தண்ணீர் தளத்தில் பரவியிருந்தது. இறங்கும்போது ஏணியின் கால் சுவரைவிட்டு வெளிப்பக்கம் சறுக்கியது. சுமார் 6 அடியிலிருந்து மாடித் தளத்தில் விழுந்து வலது கையை ஊன்றினேன்."

"மாடியிலிருந்து" என்றால் தெருவில் விழுந்ததாகப் படிப்பார்கள். மருத்துவரிடம் திருத்தக் கடிதம் கேளுங்கள், சம்மரியில் நீங்களே பேனா வைக்காதீர்கள். இத்தனை வாரம் வேலை செய்ய முடியாது என்ற சான்றும் வேண்டும்.

கோமதி: எங்கள் டேங்க் மூடி காற்றில் பறந்து பக்கத்து வீட்டு ஓடு உடைந்தது, அதற்குக் கிடைக்குமா?

பழைய சர்வேயர்: அது வேறு பிரிவும்மா, தனி இழை போடுங்கள்.

மொட்டைமாடி: படம் எடுத்தாச்சு. மருத்துவர் வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். வீட்டிலிருந்தே இடது கையால் கொஞ்சம் கணினி வேலை பார்க்கிறேன், அதனால் முடக்கம் இல்லை என்பார்களோ?

பழைய சர்வேயர்: அங்கேதான் இழுப்பார்கள். பாலிசியில் "எந்த வேலையும்" செய்ய முடியாவிட்டால் என்றிருக்கிறதா, "தன் தொழில்" செய்ய முடியாவிட்டால் என்றிருக்கிறதா? அந்த வரியைப் படம் எடுத்துப் போடுங்கள்.