பாத்ரூம் கசிவு: ஹவுஸ் ஓனருக்கு எழுதினவங்க அனுபவம் சொல்லுங்க

வேளச்சேரி வாடகைவாசி:
போன்ல சொல்லும்போதெல்லாம் ஓனர் ஒரு ஆளை அனுப்புவார். அவர் டைல்ஸ் இடுக்குல வெள்ளை சிமென்ட்டைப் பூசிட்டுப் போவார். கொஞ்ச நாள்ல கீழ்வீட்டு சீலிங்ல திரும்பவும் ஈரம். கடைசியில வாட்ஸ்அப்ல கடிதமாவே எழுதிட்டேன். முக்கியமான பகுதி இது:

"ஐயா, வணக்கம். இரண்டு நாள் குளியலறையைப் புழங்காமல் வைத்திருந்தோம். குழாய்களில் தண்ணீர் இருந்தும் கீழே சொட்டுவது நின்றுவிட்டது. பிறகு தரையில் தண்ணீர் போகும் வாயைத் துணியால் அடைத்து, ஒரு அங்குலம் தண்ணீர் தேக்கி ஒரு நாள் விட்டோம். அப்போதும் சொட்டவில்லை. அடைப்பை எடுத்துவிட்டதும் சொட்டத் தொடங்கியது. ஆகவே அந்த வாய்க்கு அடியில் உள்ள டிராப் இணைப்பில்தான் கசிவு என்று நினைக்கிறோம். அதைச் சுற்றியுள்ள டைல்ஸை எடுத்து, இணைப்பை மாற்றி, வாட்டர்ப்ரூஃபிங் செய்து, டைல்ஸ் ஒட்டும் முன் தண்ணீர் தேக்கிச் சோதித்துத் தர வேண்டுகிறேன். எந்தச் சனிக்கிழமையும் வேலை செய்யலாம். 15 நாளில் பதில் தெரிவியுங்கள்."

கூடவே சீலிங் படங்களைத் தேதியோட அனுப்பினேன்.

கோவைக்காரன்:
எதுக்கு சார் இவ்வளவு? வாடகையை நிறுத்துங்க, ஓடி வருவாரு. சட்டமே இருக்கு.

வக்கீல் வீட்டு அக்கா:
தம்பி, நிறுத்தினா அது வாடகை பாக்கி. காலி பண்ணச் சொல்ல அவர் கையில நாமளே காரணம் கொடுத்த மாதிரி ஆயிடும். 2017 வாடகைச் சட்டத்தோட அட்டவணையில குழாய் மாத்தற வேலை ஓனர் தலையில, டேப் வாஷர் மாத்தறது நம்ம தலையில. அவர் செய்யலைன்னா நாமே செஞ்சு வாடகையில கழிச்சுக்க இடம் இருக்கு. ஆனா முதல்ல எழுத்துல கேட்டிருக்கணும், பில் வேணும். ஒப்பந்தம் பதிவாகியிருக்கான்னும் பாருங்க.

மதுரைப் பொண்ணு:
எங்க வீட்ல ஃப்ளஷ் டேங்க்ல தண்ணி நிக்காம ஓடுது. அதுக்கும் ஓனருக்கு லெட்டர் போடலாமா?

வக்கீல் வீட்டு அக்கா:
அது உள்ள இருக்கற வாஷர் தேஞ்சதா இருக்கும்மா. கடையில வாங்கி நீங்களே மாத்திடுங்க.

பிளம்பிங் வேலைக்காரன்:
வேளச்சேரி சார், சோதனை நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா ஒரு நாள் சொட்டலைன்னதை வெச்சு தரை நல்லாருக்குன்னு முடிவு பண்ணாதீங்க. டைல்ஸுக்கு அடியில இருக்கற பள்ளத்துல உடைச்ச செங்கல் போட்டு நிரப்பியிருப்பாங்க. அது தண்ணியைக் குடிச்சு வெச்சுக்கிட்டு மெதுவா விடும். சில வீட்ல புழக்கத்தை நிறுத்தி ஒரு வாரம் ஆகியும் சொட்டும். டைல்ஸை எடுத்ததும் அடியில இருக்கற மண்ணை அள்ளிப் பாருங்க. நனைஞ்சிருந்தா முழுத் தரையையும் எடுக்கணும். ஈரத்துமேல பூச்சு போட்டா நிக்காது.

வேளச்சேரி வாடகைவாசி:
பிரிச்சுப் பார்த்தாச்சு. டிராப்புக்கும் பைப்புக்கும் நடுவுல விரிசல். மண்ணும் நல்லா ஈரம். ஓனர் டிராப்பை மட்டும் மாத்தறேங்கறார், முழுத் தரைக்கு யோசிக்கறார். கீழ்வீட்டு சீலிங் பெயின்ட் செலவை யார் தர்றதுன்னும் இன்னும் பேச்சு ஓடிட்டிருக்கு.