கலைச்சொல்: ‘ஃபால்பேக் ஃபான்ட்’டுக்குத் தமிழில் என்ன?

தாமரை:
வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கண்காட்சிக்கு ஒளிச்சேர்க்கை பற்றிச் சுவரொட்டி செய்கிறார்கள். பள்ளிக் கணினியில் லிப்ரே ஆபீஸ் மட்டும்தான் இருக்கிறது. இணையத்திலிருந்து 6CO₂ என்று எடுத்து ஒட்டினால், அந்தச் சின்ன 2 மட்டும் மெலிந்து தனியாகத் தெரிகிறது. எழுத்துருவில் இல்லாத குறியைக் கணினி வேறோர் எழுத்துருவிலிருந்து எடுத்து வைக்கிறது என்று சொல்லிக்கொடுத்தேன். பயிற்சித்தாளில் இதற்கு ‘மாற்று எழுத்துரு’ என்று எழுதலாமா?

செந்தில்:
தாராளமாக எழுதலாம். பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்துவிடுங்கள், எழுத்துரு கோப்புக்குள்ளேயே போய்விடும். பிரச்சினையே வராது.

இளங்கோ:
செந்தில் சொல்வது இன்னொரு சிக்கலுக்கான மருந்து. அச்சுக்கடைக் கணினியில் நம் எழுத்துருவே இல்லாவிட்டால் முழு வரியும் வேறு எழுத்துருவுக்கு மாறும், வரிகள் உடையும். லிப்ரே ஆபீஸில் எழுத்துருவின் பெயர் சாய்வாகத் தெரிந்தால் அது அந்தக் கணினியில் இல்லை என்று அர்த்தம். இதற்குத்தான் பிடிஎஃப் உதவும்.

தாமரை கேட்பதில் எழுத்துரு இருக்கிறது, ₂ மட்டும் அதில் இல்லை. திரையிலேயே இரண்டு எழுத்துரு கலந்துவிட்டது. பிடிஎஃப் அந்தக் கலப்பையும் அப்படியே சுமந்துகொண்டு போகும். அதனால் சாதாரண 2-ஐத் தட்டி, அதைத் தேர்வு செய்து Ctrl+Shift+B அழுத்தச் சொல்லுங்கள். அதே எழுத்துருவின் 2 சிறிதாகிக் கீழே இறங்கும். → குறிக்கு இந்த வழி உதவாது. அதைக் கோடு வரையும் கருவியால் வரைந்துவிடலாம்.

ஆகவே இரண்டு சொல் வேண்டும். முழுதாக மாறுவது ‘மாற்று எழுத்துரு’. ஒரு குறிக்கு மட்டும் வந்து நிற்பது ‘ஈட்டு எழுத்துரு’.

ரஹீமா:
எங்கள் பள்ளியில் பாமினியில் தட்டிய தலைப்பு கடையில் jkpo; என்று வந்தது. ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடம். இதுவும் ஈட்டு எழுத்துருதானா?

இளங்கோ:
இல்லைங்க. பாமினி யூனிகோடு இல்லை. கோப்பில் இருப்பதே jkpo; தான், பாமினி அதற்குத் தமிழ் வடிவம் காட்டுகிறது. கடையில் பாமினி இல்லாததால் வேறோர் எழுத்துரு வந்து உள்ளதை உள்ளபடி காட்டிவிட்டது. அது முதல் வகை. அடுத்த முறை யூனிகோடில் தட்டி, Noto Sans Tamil மாதிரி ஒன்றைப் போடுங்கள்.

தாமரை:
Ctrl+Shift+B வேலை செய்கிறது, நன்றி ஐயா. ஆனால் ‘ஈட்டு’ என்றால் பிள்ளைகளுக்குப் பணம் ஈட்டுவதுதான் நினைவுக்கு வரும். ‘இரவல் எழுத்துரு’ என்றால் உடனே புரிகிறது.

செந்தில்:
இரவலுக்கு என் ஓட்டு. பிடிஎஃப் பற்றிச் சொன்னதையும் திருத்திக்கொள்கிறேன்.

இளங்கோ:
வகுப்புக்கு இரவல் நல்ல சொல். ஆனால் எழுத்துருப் பெட்டியில் `Catamaran;Noto Sans` என்று நாமே வரிசை கொடுக்கவும் முடியும். முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்ததை இரவல் என்பதா? எனக்கு இன்னும் ஒப்பவில்லை. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.