அம்மாவின் மருந்துச் சீட்டுப் படம்: OD, 5/7, ON, PRN எப்படிப் படிப்பது?

ஜெலுத்தோங் மகள்:
வணக்கம். அம்மா பினாங்கில், நான் கேஎல்லில். இளைப்பு அதிகமாகி நேற்று மாலை ஜெலுத்தோங்கில் ஒரு கிளினிக்குக்குப் போனார். பழைய மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். பாக்கெட் மேல் பேனாவில் எழுதியதெல்லாம் ஈரத்தில் அழிந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தம்பி சீட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எனக்குத் தெரிந்தவரை இப்படி இருக்கிறது:

```
T. Prednisolone 30mg OD x 5/7
T. Augmentin 625mg ?D? x 1/52
MDI Budesonide 200mcg ii puff BD
MDI Salbutamol ii puff PRN
T. Simvastatin 20mg ON x 1/12
T. Metformin 500mg BD pc
```

இரண்டாவது வரியில் மடிப்பு விழுந்து எழுத்து சிதைந்திருக்கிறது. 5/7 என்றால் 7 நாளில் 5 நாளா? ப்ரெட்னிசோலோன் பாக்கெட்டில் 30 சின்ன மாத்திரை இருக்கிறது. அம்மா இன்று காலை ஒன்று போட்டார்.

தாப்பா அண்ணன்:
OD ஒரு நாளைக்கு ஒரு தடவை, BD ரெண்டு தடவை, TDS மூணு தடவை, QID நாலு தடவை. PRN தேவைப்பட்டால் மட்டும். pc சாப்பாட்டுக்குப் பிறகு, ac சாப்பாட்டுக்கு முன்னால். அம்மா செய்தது சரிதான்மா. OD-னா தினம் ஒண்ணு, 30 மாத்திரைக்கு ஒரு மாசம் வரும். கணக்கு ஒத்துப் போகுதே.

மருந்தக மேசை:
அண்ணன் சொன்ன எழுத்துகள் எல்லாம் சரி, மாத்திரைக் கணக்குதான் தவறு. OD என்பது எத்தனை தடவை என்பதை மட்டுமே சொல்லும். ஒரு தடவைக்கு எவ்வளவு என்பதை அதற்கு முன்னால் இருக்கும் 30mg சொல்கிறது. இங்கே கிளினிக்குகளில் ப்ரெட்னிசோலோன் பெரும்பாலும் 5mg மாத்திரையாகத்தான் கிடைக்கும். அப்படியானால் ஒரு வேளைக்கு 6 மாத்திரை, ஆறையும் ஒரே தடவையில். 5 நாளைக்கு 30 மாத்திரை. 30 என்றதும் ஒரு மாதம் என்று தோன்றுவதுதான் இதில் பொறி. பாக்கெட்டில் மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் எத்தனை mg என்று அச்சில் இருக்கிறதா, தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

5/7 பின்னம் இல்லை, கால அளவு. கீழே 7 இருந்தால் மேலே இருப்பது நாள், 52 இருந்தால் வாரம், 12 இருந்தால் மாதம். வாரத்துக்கு 7 நாள், வருடத்துக்கு 52 வாரம், 12 மாதம் என்ற கணக்கு. ஆகவே 5/7 ஐந்து நாள், 1/52 ஒரு வாரம், 1/12 ஒரு மாதம். ‘7 நாளில் 5 நாள்’ என்று எடுத்துக்கொண்டு இரண்டு நாள் விட்டுவிட்டுச் சாப்பிடுகிறவர்களும் உண்டு.

இன்னொன்று, அந்த ii பதினொன்று இல்லை, இரண்டு. மேலே புள்ளி வைத்து வேகமாக எழுதினால் 11 மாதிரியே தெரியும். பியூடெசோனைட் காலையும் இரவும் இரண்டிரண்டு பஃப், இளைப்பு இல்லாத நாளிலும் விடாமல். இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும். சல்பியூட்டமால் மூச்சு முட்டும்போது மட்டும்.

ஜெலுத்தோங் மகள்:
பாக்கெட்டில் ‘Prednisolone 5mg’ என்றுதான் அச்சாகி இருக்கிறது. அப்படியானால் காலையில் போட்டது ஆறில் ஒரு பங்குதானா! இப்போதே மீதி ஐந்தையும் போடச் சொல்லவா?

மருந்தக மேசை:
நீங்களாகச் சேர்த்துப் போடச் சொல்லாதீர்கள். கிளினிக்குக்கு அழைத்து, ‘காலையில் 5mg மட்டும் போனது, மீதியை இன்றே போடலாமா, ஐந்து நாளை நாளையிலிருந்து எண்ணலாமா’ என்று கேளுங்கள். அதுவரை மூச்சு வாங்குவது கூடினாலோ, முழு வாக்கியம் பேச முடியாமல் திணறினாலோ ஃபோனுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இந்த மருந்தைக் காலையில், பசியாறிய பிறகு போடுவது நல்லது. வெறும் வயிற்றில் எரிச்சல் தரும், மாலையில் போட்டால் தூக்கம் கெடும். மெட்ஃபோர்மின் சீட்டில் இருப்பதால் அம்மாவுக்கு இனிப்பு நீர் இருக்கும் என்று நினைக்கிறேன். ப்ரெட்னிசோலோன் சர்க்கரையை ஏற்றிவிடும், அதுவும் மதியத்துக்கு மேல்தான் அதிகம். காலையில் மட்டும் குத்திப் பார்த்தால் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னாலும் பார்க்கச் சொல்லுங்கள். கூடியிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மெட்ஃபோர்மினை நீங்களே கூட்ட வேண்டாம்.

சுங்கை வாசகர்:
எங்கள் மாமா மதுரையில் காட்டிவிட்டு வந்தார், அவர் சீட்டில் 1-0-1 என்று இருந்தது. உங்கள் சீட்டில் ஏன் அப்படி இல்லை? ON என்றால் ‘தொடர்ந்து போடு’ என்றுதானே அர்த்தம்?

மருந்தக மேசை:
1-0-1 ஊர்ப்பக்கம் எழுதுகிற முறை. காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. இங்கே அதற்குப் பதிலாக BD என்று எழுதுவார்கள். ON இரவில் ஒரு தடவை, OM காலையில் ஒரு தடவை. சிம்வாஸ்டாட்டினுக்கு ON போடக் காரணம் உண்டு. உடம்பு கொழுப்பை அதிகம் உற்பத்தி செய்வது இரவில், இந்த மருந்தோ உடம்பில் நெடுநேரம் தங்காது.

தாப்பா அண்ணன்:
சரி, மாத்திரைக் கணக்கை விட்டுக் கொடுக்கிறேன். ஆக்மெண்டின் எத்தனை இருக்குன்னு எண்ணிப் பார்த்தா BD-யா TDS-ஆன்னு தெரிஞ்சிடுமே? 7 நாளுக்கு 14 இருந்தா BD, 21 இருந்தா TDS.

ஜெலுத்தோங் மகள்:
எண்ணச் சொன்னேன். நேற்று இரவு ஒன்று, இன்று காலையும் மதியமும் ஒவ்வொன்று போட்டிருக்கிறார். மீதி 11. மொத்தம் 14.

மருந்தக மேசை:
எண்ணிப் பார்ப்பது நல்ல வழிதான், இங்கே BD பக்கம் சாய்கிறது. ஆனால் முடிவு கட்ட இது போதாது. 625mg பெரும்பாலும் 14 மாத்திரைப் பெட்டியாக வரும். TDS என்று எழுதிவிட்டு கவுண்டரில் ஒரு பெட்டியை அப்படியே எடுத்துக் கொடுத்திருந்தாலும் 14தான் இருக்கும். இந்த மருந்தை இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள், அதனால் அளவைப் பார்த்தும் ஊகிக்க முடியாது.

படத்தை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். மடிப்பை நீவி, மேசைமேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், ஃபோனைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து அந்த ஒரு வரியை மட்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பினால் எழுத்து அப்படியே வரும். வலது ஓரம் வெட்டுப்படாமல் பார்க்கவும். உங்கள் மெட்ஃபோர்மின் வரியில் நாள் கணக்கு இல்லாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். இங்கே போடுவதானால் பெயரையும் ஐசி எண்ணையும் மறைத்துவிடுங்கள்.

ஜெலுத்தோங் மகள்:
கிளினிக்குக்கு அழைத்தேன். ப்ரெட்னிசோலோன் 6 மாத்திரை, காலையில் ஒரே தடவை, 5 நாள். மீதி ஐந்தை இப்போதே சாப்பாட்டோடு போட்டுவிட்டு இன்றையே முதல் நாளாக எண்ணச் சொன்னார் மருத்துவர். ஆக்மெண்டினைக் கேட்பதற்குள் அடுத்த நோயாளி போய்விட்டார். அட்டையைப் பார்த்த மிஸ்ஸிக்கும் அந்த எழுத்து புரியவில்லை, கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார். இன்று இரவுக்கு என்ன செய்வது?

மருந்தக மேசை:
BD ஆனாலும் TDS ஆனாலும் இரவு வேளை உண்டு. இரவுச் சாப்பாட்டைத் தொடங்கும்போது ஒன்று போடட்டும், நாளைக் காலைக்கும் அப்படியே. நாளை மதிய வேளைக்குள் மட்டும் பதில் வாங்கிவிடுங்கள். TDS என்றால் இன்னும் 7 மாத்திரை தர வேண்டும் என்பதையும் அப்போதே கேளுங்கள்.