வரன் பார்க்கும் சந்திப்பில், பார்த்தவுடன் ஒன்றும் தோன்றவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? உங்கள் அனுபவம் என்ன?

கரிசல்காரி:
மூன்று ஆண்டுகளுக்கு முன் என்னைப் பெண் பார்க்க வந்தவர், கேசரியிலிருந்த முந்திரியை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார். மனத்தில் எந்தச் சலனமும் எழவில்லை என்பதால் வேண்டாம் என்றேன். இன்னும் இரண்டு முறை பேசிப் பார்க்கச் சொன்னார் அம்மா. இரண்டாவது சந்திப்பும் சப்பென்றுதான் இருந்தது. மூன்றாவதில், முதல் நாள் நான் பேச்சுவாக்கில் சொன்ன பாட்டியின் கண் அறுவை சிகிச்சை எப்படி முடிந்தது என்று அவராகவே விசாரித்தார். திருமணம் நடந்தது. ஆனால் அதன்பின் வந்த என் முதல் பிறந்தநாளின் நள்ளிரவில், கேக்கையும் பலூனையும் எதிர்பார்த்து நான் விழித்திருக்க, அவர் குறட்டை விட்டதை இரண்டு வாரம் மன்னிக்கவில்லை. வாய்விட்டுச் சொன்ன பிறகு, மறு ஆண்டு அரை நாள் விடுப்பு எடுத்தார். கேட்டு வாங்கியதில் பாதி இனிப்புதான் இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

திண்ணைத் தாத்தா:
எல்லாம் சினிமாவும் சீரியலும் செய்த வேலை. எங்கள் காலத்தில் தாலி கட்டிய பிறகுதான் முகத்தையே நிமிர்ந்து பார்த்தோம்.

கம்பன்தாசன்:
ஐயா, முழுப் பழியையும் சினிமாவின் மேல் போட முடியாது. வில் முறியும் முன் இராமனும் சீதையும் பார்த்துக்கொள்ளும் காட்சி வால்மீகியில் இல்லை. மிதிலைக் கன்னிமாடத்தில் அதை வைத்தவர் கம்பர். ஆனால், வில்லை முறித்தவன் தான் கண்டவன்தானா என்று சீதை கலங்குவதையும் அவரே பாடினார். நாம் பார்வையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

முன்னாள் நாயகன்:
அலுவலக கேண்டீனில், நாற்பது பேர் சூழ்ந்திருக்க, நான் விரும்பிய பெண்ணிடம் முழந்தாளிட்டுப் பூங்கொத்தை நீட்டினேன். அவர் சிரித்தபடி தலையசைத்தார். அன்றிரவே விருப்பமில்லை என்று செய்தி அனுப்பினார். விடாமல் பின்னால் சென்றால் மனம் இளகும் என்று நம்பி, பத்து நாள் அவருடைய பேருந்து நிறுத்தத்தில் நின்றேன்.

ஆலோசனை மேசை:
திரையில் அது விடாமுயற்சி. பெண் விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்ன பிறகும் மீண்டும் மீண்டும் பின்தொடர்வது 2013 முதல் தண்டனைக்குரிய குற்றம். இப்போது இந்தியாவின் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் இருக்கிறது. கரிசல்காரிக்கு ஒன்று: முதல் சந்திப்பில் நெஞ்சு படபடப்பதற்குப் பதற்றமே காரணமாக இருக்கலாம். 1974இல் கனடாவில் ஆடும் தொங்குபாலத்தில் நடத்திய ஆய்வொன்றில், அதைக் கடந்து வந்த ஆண்கள், உறுதியான பாலத்தைக் கடந்தவர்களைவிட, அங்கே சந்தித்த பெண்ணைப் பின்னர் அதிகமாகத் தொலைபேசியில் அழைத்தார்கள். முன்னாள் நாயகன், அந்தக் கேண்டீனில் அவர் மறுத்திருக்க வழி இருந்ததா?

முன்னாள் நாயகன்:
என் நண்பர்கள் நால்வர் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடிக்கச் சொன்னதும் நான்தான்.