டிஃப்யூசரில் கரும்புள்ளியும் பிசுக்கும், மேசையில் பாலிஷ் கெட்ட வட்டமும்: என்ன செய்வது?

தண்டையார்பேட்டை மகள்

வணக்கம். அம்மா இரவில் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று ஐந்து மாதங்களுக்கு முன் தண்ணீர் ஊற்றி ஓட்டும் டிஃப்யூசர் ஒன்று வாங்கினேன். 300 மில்லி பிடிக்கும். ஒரு நாள் ஆரஞ்சு எண்ணெய், மறுநாள் யூகலிப்டஸ் தைலம் என்று மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் பத்துப் பன்னிரண்டு சொட்டு விடுவேன். தண்ணீர் எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான், கொஞ்சம் உவர்ப்பு. மீந்ததைக் கொட்டாமல் மறுநாள் அதன்மேலேயே ஊற்றுவது வழக்கமாகிவிட்டது.

இப்போது புகை பாதியாகக் குறைந்துவிட்டது. தொட்டியின் விளிம்பில் கரும்புள்ளிகள். அடியில் விரல் வைத்தால் வழுக்குகிறது. எண்ணெய் மணத்துக்குப் பதில் ஈரத்துணி மக்கிய வாடை. மூடியின் உட்புறம் மங்கலாகி, தலைமுடி போன்ற மெல்லிய விரிசல்கள் ஓடியிருக்கின்றன. சூடான சோப்புத் தண்ணீரில் கழுவினேன். நான்கே நாளில் கறுப்பு திரும்பிவிட்டது.

இன்னொரு வருத்தமும் உண்டு. அதை வைத்திருந்தது தாத்தா செய்வித்த தேக்கு மேசை. அதில் வெள்ளையாக ஒரு வட்டம். எண்ணெய்ப் புட்டி நின்ற இடத்தில் பாலிஷ் ஒட்டிக்கொள்கிறது, விரல் ரேகை பதிகிறது. அம்மா இரண்டு வாரமாக இருமுகிறார். வழி சொல்லுங்கள்.

வியாசர்பாடி தம்பி

அக்கா, எளிய வேலைதான். தொட்டியில் பாதி தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி வினிகர் ஊற்றி ஐந்து நிமிடம் ஓட்டிக் கொட்டிவிடுங்கள். என்னுடையது அப்படித்தான் சரியானது. பூஞ்சை திரும்பாமலிருக்க டீ ட்ரீ எண்ணெய் கூடுதலாக விடுங்கள். எண்ணெயே கிருமிநாசினி என்பார்கள்.

வண்ணாரப்பேட்டை பழுதுக்கடை

முதலில் அம்மாவின் இருமல். இன்றே டிஃப்யூசரை நிறுத்திவிடுங்கள் அம்மா. இது கொதிக்க வைத்து ஆவி விடும் கருவி அல்ல. அடியில் உள்ள சிறு பீங்கான் தகடு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அதிர்ந்து, தண்ணீரையே நுண்துளிகளாக உடைத்து மேலே எறிகிறது. தண்ணீரில் இருக்கும் உப்பு, பூஞ்சை, எண்ணெய் எல்லாமே அந்தத் துளியோடு அறைக்குள் வரும். நிறுத்திய பிறகும் இருமல் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தம்பி சொன்ன வினிகர் சரிதான், ஆனால் உங்கள் கருவிக்கு அது முதல் வேலை அல்ல. உள்ளே மூன்று அழுக்குகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. தகட்டின்மேல் உவர்த்தண்ணீர் விட்ட சுண்ணாம்புப் படிவு. அதன்மேல் எண்ணெய்ப் படலம். அந்தப் படலத்திலும் விளிம்பிலும் பூஞ்சை. வினிகர் சுண்ணாம்பைக் கரைக்கும், எண்ணெயைக் கரைக்காது. எண்ணெய் மூடியிருக்கும்போது வினிகர் ஊற்றினால் அது சுண்ணாம்பைத் தொடவே தொடாது. தம்பி வாராவாரம் கழுவுகிறவராக இருக்கவேண்டும், அதனால் படலம் தடிக்கவில்லை. இந்த ஐந்து மாதப் படிவுக்கு வரிசை மாறக்கூடாது: முதலில் எண்ணெய், அடுத்து சுண்ணாம்பு, கடைசியில் பூஞ்சை.

பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். காற்று வரும் துளை எந்தப் பக்கம் என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கமாகத் தண்ணீரைக் கொட்டுங்கள். என்னிடம் செத்து வரும் டிஃப்யூசர்களில் பாதி, அந்தத் துளை வழியாக விசிறிக்குத் தண்ணீர் போனவை. தொட்டியைப் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளியும் வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டு மென்துணியால் தேயுங்கள். பிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் பஞ்சுக்குச்சியை நனைத்துத் தகட்டையும் சுற்றியுள்ள வளையத்தையும் துடையுங்கள். பஞ்சு மஞ்சளாக வருவது நின்றால் எண்ணெய் போய்விட்டது என்று பொருள். ஊசி, பிளேடு, கம்பிநார் எதுவும் தகட்டில் படக்கூடாது. ஒரு கீறல் போதும், புகை நிரந்தரமாகக் குறையும்.

ஸ்பிரிட் முழுவதும் காய்ந்த பிறகு, வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து தகடு மூழ்கும் அளவுக்கு ஊற்றி, ஓட்டாமல் பதினைந்து நிமிடம் விடுங்கள். நன்றாக அலசுங்கள். கடைசியாக ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக்கடையில் பெரும்பாலும் 6 சதவீதம்தான் தருவார்கள், அதே அளவு தண்ணீர் சேர்த்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு மறுபடி அலசுங்கள். வினிகரை முழுவதும் அலசாமல் பெராக்சைடு ஊற்றாதீர்கள். பிளீச்சிங் பவுடரை அறவே தவிருங்கள். வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

எண்ணெயே கிருமிநாசினி என்பதை நம்பித்தான் பலர் தண்ணீரை மாற்றாமல் விடுகிறார்கள். எண்ணெய் தண்ணீரில் கலப்பதில்லை, மேலே மிதக்கிறது. விளிம்பில் வழுவழுப்புக்குள் இருக்கும் பூஞ்சைக்கு அந்தச் சொட்டுகள் போய்ச் சேர்வதில்லை. கூடுதல் சொட்டு கூடுதல் பிசுக்கைத்தான் தரும்.

எண்ணூர் தையற்கலைஞர்

என் டிஃப்யூசரில் தண்ணீரே கிடையாதே! கண்ணாடிப் புட்டியில் எண்ணெயும் அதில் ஐந்தாறு குச்சிகளும்தான். பூஞ்சை வந்ததே இல்லை. ஆனால் குச்சியைத் திருப்பி வைத்தபோது சொட்டிய எண்ணெய் என் தையல் மெஷின் மேசையின் வார்னிஷில் காசு அளவுக்குக் குழி போட்டுவிட்டது. மறுநாள் துணியே அதில் ஒட்டிக்கொண்டது. அதற்கும் வழி இருந்தால் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை மகள்

மிக்க நன்றி ஐயா. ஸ்பிரிட் வாங்கிவிட்டேன். எண்ணெயைக் கரைக்கும் என்றீர்களே, மேசையில் ஒட்டும் இடத்தையும் அதே ஸ்பிரிட்டால் துடைத்துவிடட்டுமா?

ராயபுரம் தச்சர்

வேண்டாம் அம்மா, கையை எடுங்கள்! தாத்தா காலத்து மேசை என்றால் அது அரக்குப் பாலிஷாக இருக்க வாய்ப்பு அதிகம். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் அந்தப் பாலிஷையே செய்கிறோம். ஸ்பிரிட் பட்டால் திரும்பக் கரைந்து ஓடும். எண்ணெய் கெடுத்தது ஒரு புட்டியளவு இடம், நீங்கள் துடைத்தால் ஒரு தட்டு அளவு போகும்.

மேசையின் அடியில், கண்ணுக்குப் படாத இடத்தில், பஞ்சுக்குச்சியில் ஒரு துளி ஸ்பிரிட் தொட்டு வைத்து ஒரு நிமிடம் கழித்து விரலால் பாருங்கள். ஒட்டினால் அரக்கு. ஒட்டாமல் கெட்டியாக இருந்தால் பிற்காலத்தில் யாரோ வேறு பூச்சு அடித்திருக்கலாம், பாலியூரித்தேன் என்றால் அது இந்த எண்ணெய்களுக்கு ஓரளவு தாங்கும்.

உங்கள் மேசையில் இரண்டு காயங்கள். வெள்ளை வட்டம் ஈரத்தால் வந்தது, பாலிஷுக்குள் நீர் புகுந்து மங்கியிருக்கிறது. மேலே எதுவும் வைக்காமல் மின்விசிறிக் காற்றில் இரண்டு வாரம் விடுங்கள், பல நேரம் தானாகவே தெளிந்துவிடும். ஒட்டும் இடம் எண்ணெயால் வந்தது. அங்கே பாலிஷ் இளகிவிட்டது. உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பிறகு ஒரு மாதம் சும்மா விடுங்கள். எண்ணெய் பறக்கப் பறக்கக் கெட்டிப்படும். நகத்தால் அழுத்தினால் தடம் விழாத நிலை வந்த பிறகுதான் உப்புத்தாள் போட்டுப் புதுப் பாலிஷ் ஏற்றவேண்டும். ஈரமாக இருக்கும்போதே பூசினால் மேலே தோல் கட்டும், உள்ளே இளகலாகவே கிடக்கும். தையல் மேசைக்காரம்மாவுக்கும் இதே பதில்.

வியாசர்பாடி தம்பி

என் வரிசை தவறு என்று ஒத்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். இந்த எண்ணெய்கள் பழத்தோலிலும் இலையிலும் இருந்து வருபவைதானே? நாம் தலையில் தேய்க்கும் எண்ணெய் பிளாஸ்டிக் புட்டியில் ஆண்டுக்கணக்கில் இருக்கிறதே, அது எதையும் தின்பதில்லையே?

வண்ணாரப்பேட்டை பழுதுக்கடை

நல்ல கேள்வி. தேங்காய் எண்ணெயின் மூலக்கூறு பெரியது, எளிதில் எதற்குள்ளும் நுழையாது. ஆரஞ்சுத் தோலின் எண்ணெயில் பெரும்பகுதி லிமோனீன். அது மிகச் சிறியது, குணத்தில் டர்பன்டைனுக்கு உறவு. பெயின்ட் வேலைக்காரர் டர்பன்டைனை எதற்கு வைத்திருக்கிறார் என்று யோசியுங்கள். செடியிலிருந்து வந்தாலும் அது ஒரு கரைப்பான்.

ஊதிய பலூன்மேல் ஆரஞ்சுத் தோலைப் பிழிந்து பாருங்கள், சிறிது நேரத்தில் வெடிக்கும். தெர்மோகோல் துண்டில் ஆரஞ்சு எண்ணெயைச் சொட்டினால் குழி விழுந்து உள்வாங்கும். பிளாஸ்டிக் என்பது நீண்ட நூல்கள் பின்னிக்கிடப்பது போன்றது. இந்தச் சிறு மூலக்கூறுகள் நூல்களுக்கிடையே புகுந்து அவற்றை விலக்குகின்றன. தெர்மோகோல் கரைகிறது. ஏபிஎஸ், பாலிகார்பனேட் போன்றவை மங்குகின்றன. வார்க்கும்போது இறுக்கம் தங்கிய இடங்களில், அதாவது மூலை, திருகுத்துளை, மூடியின் உதடு ஆகியவற்றில், விரிசல் விடுகின்றன. அக்காவின் மூடியில் தலைமுடிக் கோடுகள் வந்தது அப்படித்தான் என்று நினைக்கிறேன். பாலிப்ரோப்பிலீன் தாங்கும், அதனால்தான் தொட்டியைப் பெரும்பாலும் அதில் செய்கிறார்கள். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அதுவே. அதுவும் மணத்தை உறிஞ்சிக்கொள்ளும். எவ்வளவு கழுவினாலும் பழைய வாசம் லேசாக இருக்கும், அது அழுக்கு அல்ல.

காற்றுப் பட்ட லிமோனீன் பிசின் போலத் தடிக்கும். நீங்கள் பார்த்த பிசுக்கில் ஒரு பங்கு அதுதான். எனவே 300 மில்லிக்கு ஐந்தாறு சொட்டுக்கு மேல் வேண்டாம். முதலில் தண்ணீர், பிறகு சொட்டு, சொட்டு வெறும் பிளாஸ்டிக்மேல் படக்கூடாது. புட்டியும் டிஃப்யூசரும் கண்ணாடி அல்லது பீங்கான் தட்டில் நிற்கட்டும்.

தண்டையார்பேட்டை மகள்

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். வரிசைப்படி செய்தேன். பஞ்சுக்குச்சி எட்டு ஆயிற்று, முதல் ஐந்தும் தேன் நிறத்தில் வந்தன. வினிகருக்குப் பிறகுதான் தகட்டின் வெள்ளித் தோற்றம் தெரிந்தது. புகை பழையபடி மேலே எழும்புகிறது. இப்போது ஆர்.ஓ. தண்ணீர்தான், இரவு ஓடி முடிந்ததும் கொட்டித் துடைத்து மூடியைத் திறந்தே வைக்கிறேன். கறுப்பு திரும்பவில்லை. ஆனால் அதை அம்மாவின் அறையில் ஓட்டவில்லை. நிறுத்திய நான்காம் நாளிலிருந்து இருமல் தணிந்துவிட்டது. கருவிதான் காரணமா என்று எனக்குத் தெரியாது.

மேசையில் ஸ்பிரிட் சோதனை செய்தேன், ஒட்டியது. அரக்குதான். வெள்ளை வட்டம் முக்கால்வாசி மறைந்திருக்கிறது. ஒட்டும் இடம் இன்னும் நகத்துக்கு இளகுகிறது, காத்திருக்கிறேன்.

இரண்டு குறைகள் மட்டும். மூடியின் ரப்பர் வளையத்தில் கறுப்பு போகவில்லை. விரிசல் விழுந்த மூடியைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா?

வண்ணாரப்பேட்டை பழுதுக்கடை

ரப்பருக்குள் வேர்விட்ட பூஞ்சை போகாது, வளையத்தை மாற்றிவிடுங்கள். மூடியில் விரிசல் வெளிப்பக்கம் வரை வராமல், தண்ணீர் கசியாமல் இருந்தால் ஓட்டலாம். ஆனால் விரிசலுக்குள் எண்ணெய் தங்கும், அங்கேதான் பூஞ்சை முதலில் வரும், வாரம் ஒருமுறை அதைப் பாருங்கள்.

ராயபுரம் தச்சர்

நான் மாற்றச் சொல்வேன். கசியும் நாள் தெரியாது, கீழே இருப்பது தேக்கு. மேசை கெட்டியானதும் ஒரு படம் போடுங்கள் அம்மா, எந்த எண் உப்புத்தாள் என்று பார்த்துச் சொல்கிறேன்.