புதுப்பிப்பு: ஏழு வரிப் பட்டியல் ஒரு பத்தியானது

என் பழைய கேள்வி: "மண்டபத்தில் இறால் பதப்படுத்தும் ஆலையில் தரக் கண்காணிப்பாளராக இருக்கிறேன். ஏழு வரிச் சாதனைப் பட்டியலை லிங்க்ட்இன் பக்கத்துக்குச் சிறு தன்குறிப்பாக எப்படி மாற்றுவது?"

முதலில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் 'நான்' சேர்த்துப் பார்த்தேன். வருகைப் பதிவேடு போலிருந்தது. பதில் சொன்னவர்களில், வேலைக்கு ஆள் எடுத்துப் பழகிய தொண்டி அண்ணன்தான் பழுதைக் காட்டினார்: 'அறிமுகம்', 'குறைப்பு' என்று பெயர்ச்சொல்லில் முடியும் வரிகளை வினையாக்கி, காரணத்தையும் விளைவையும் ஒரே வாக்கியத்தில் கோக்க வேண்டும், About பகுதியில் 2,600 எழுத்துகளுக்கு இடமிருந்தாலும், விரித்துப் படிக்காதவர் கண்ணில் படுவது முதல் சில வரிகளே. எண்களையெல்லாம் நீக்கச் சொன்ன கீழக்கரை நண்பரின் பேச்சைப் பாதி கேட்டு, பணி ஆண்டுகளையும் ஓர் ஒப்பீட்டையும் மட்டும் வைத்துக்கொண்டேன். பாம்பன் அக்கா கேட்டது மகனின் அரசு வேலை விண்ணப்பத்தைப் பற்றி. அதற்கு இந்த நடை பொருந்தாது.

இப்போதைய தொடக்கம் இது:

"மண்டபத்தில் இறால் ஆலையொன்றில் 6 ஆண்டுகளாகத் தரத்தைக் கவனித்து வருகிறேன். இறங்குதளத்திலேயே இறாலின் வெப்பநிலையைக் குறிக்கும் முறையைக் கொண்டுவந்ததால், மாதம் நான்கு முறை சரக்கு திரும்பிவந்தது ஒரு முறையாகக் குறைந்தது."

மீதி ஐந்து வரிகளில் மூன்றை விட்டுவிட்டேன். ஐஸ் போடும் பெண்களின் உழைப்பும் சேர்ந்த இந்த வேலைக்கு 'கொண்டுவந்தேன்' என்பதா, 'கொண்டுவந்தோம்' என்பதா என்பதில் அண்ணனுக்கும் எனக்கும் இன்னும் உடன்பாடில்லை.