எங்கள் வீட்டு சுப்பையாக்களைப் பிரிக்க ஒரு வழி சொல்லுங்கள்

எங்கள் குடும்பத்தில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர்தான். சுப்பையா மகன் ராமசாமி, ராமசாமி மகன் சுப்பையா என்று மாறி மாறி வரும். அடியேனும் ரா. சுப்பையாதான்.

சித்தப்பா மகனும் சுப்பையா, ஆனால் அவனுக்கு இனிஷியல் வேறு, குழப்பமில்லை. சிக்கல் நேர்க்கோட்டில்தான். தாத்தாவும் ரா. சுப்பையா, தாத்தாவின் தாத்தாவும் ரா. சுப்பையா. வீட்டில் இந்தத் தொல்லையே இருந்ததில்லை. மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது என்று ஆச்சி மகனையே ‘ராசா’ என்றுதான் கூப்பிட்டாராம். பத்திரத்தில் ராசா எங்கே வருகிறார்?

இப்போது வில்லங்கச் சான்றில் இரண்டு கிரயங்கள். 1934-இல் வாங்கியவர் பெரியவர்தான், ஏனென்றால் தாத்தா அப்போது 5 வயதுப் பையன். அவர் பெயரில் வாங்கியிருந்தால் ‘மைனர், கார்டியன் தகப்பனார்’ என்று வந்திருக்கும். 1949-இல் விற்றது யார்? தாத்தாவுக்கு 20 வயது, பெரியவரும் உயிரோடு இருந்தார். ‘ராமசாமி குமாரர்’ என்ற வரி இருவருக்கும் பொருந்துகிறது!

பெரியவர் கைநாட்டு; தாத்தா கையெழுத்துப் போடுவார். சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் பத்திரத்தின் நகல் வாங்கினால் இந்த வித்தியாசம் அதில் தெரியுமா? வயதோ பாட்டன் பெயரோ எழுதும் வழக்கம் அப்போது உண்டா? வம்சாவளி எழுதியவர்கள் இப்படி ஒரே இனிஷியல்காரர்களை எப்படிக் குறித்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.